அரை நாட் வேகத்தில் விலகிய கப்பல்: இரண்டு ஜி.பி.எஸ் புள்ளிகளுக்கு நடுவே படகு எங்கே இருக்கிறது?

1995 ஜூன் 9 அன்று பகலில், பெர்முடா தீவின் செயின்ட் ஜார்ஜஸ் துறைமுகத்திலிருந்து ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பல் பாஸ்டனுக்குக் கிளம்பியது. கப்பலில் 1,509 பேர் இருந்தார்கள். கிளம்பி ஒரு மணி நேரம் ஆவதற்குள், ஜி.பி.எஸ் ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள் இணைப்பு விட்டுப்போனது. யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் இரவு 10:25 மணிக்கு, நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே சுமார் 10 மைல் தொலைவில் இருக்கும் ரோஸ் அண்ட் கிரவுன் என்ற மணல்திட்டில் கப்பல் தரைதட்டி நின்றது. அதிகாரிகள் இருப்பதாக நம்பிய இடத்துக்கும் கப்பல் உண்மையில் நின்ற இடத்துக்கும் 17 கடல் மைல் வித்தியாசம். நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

அந்த ஜி.பி.எஸ் கருவி அணைந்துபோகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செயற்கைக்கோள்கள் கிடைக்கவில்லை என்றதும் அது தானாகவே வேறொரு முறைக்கு மாறிக்கொண்டது. கப்பலின் தலை எந்தத் திசையில் இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது, எவ்வளவு நேரம் ஆனது என்ற மூன்றையும் வைத்து இடத்தைக் கணக்கிட்டு, அதை வழக்கம்போலத் திரையில் காட்டிக்கொண்டே இருந்தது. திரையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் `DR` என்றும் `SOL` என்றும் வந்தது. `DR` என்றால் டெட் ரெக்கனிங், இப்போது சொன்ன கணக்கு முறையின் பெயர்தான் அது. கருவி போட்ட கணக்கில் பிழை இல்லை. ஏறத்தாழ 33 மணி நேரமும் கூட்டல் கழித்தலைச் சரியாகவே செய்தது.

சரி, அப்படியானால் 17 மைல் எங்கிருந்து வந்தது? 17-ஐ 33-ஆல் வகுத்துப் பார்த்தால் மணிக்கு அரை மைல் வருகிறது. அதாவது அரை நாட். மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. ஒரு குழந்தை தளர்நடை போடும் வேகம்தான். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து கப்பலை மேற்குப் பக்கமாக அந்த வேகத்தில் தள்ளிக்கொண்டே இருந்தன. கப்பலில் இருந்த திசைகாட்டிக்கும் வேகமானிக்கும் அது தெரிய வழியில்லை.

டெட் ரெக்கனிங்கில் கணக்கு மிக எளிது, பள்ளிப் பாடம்தான். கணக்குக்குள் வராத ஒன்று, படகின் அடியில் நகரும் தண்ணீர், அதுதான் படகை இடம் மாற்றுகிறது. அந்தத் தண்ணீரின் நகர்வை அளக்க நம்மிடம் ஒரு நல்ல வழி இருக்கிறது: அடுத்த ஜி.பி.எஸ் புள்ளி கிடைக்கும்போது, நாம் கணக்கிட்ட இடத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. பெரும்பாலோர் ஜி.பி.எஸ் வந்ததும் பழைய கணக்கைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. இதை நம் கரையிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும்.

நவம்பர் மாதம். நாகப்பட்டினத்துக்குத் தென்கிழக்கே கடலில் ஒரு பைபர் படகு இருக்கிறது. அதிகாலை 2 மணி. கையடக்க ஜி.பி.எஸ்ஸில் மின்கலம் குறைவாக இருப்பதால் மணிக்கு ஒருமுறை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்து வைக்கிறார்கள். 2 மணிக்கு அது காட்டிய இடம் 10° 35.0' வடக்கு, 80° 11.4' கிழக்கு. போக வேண்டியது நாகை துறைமுக முகத்துக்கு வெளியே ஓர் இடத்துக்கு: 10° 46.0' வடக்கு, 79° 52.0' கிழக்கு.

பாகைக்கு அடுத்து வரும் அந்தச் சிறிய அளவையும் நிமிடம் என்றுதான் சொல்வார்கள். நேரத்தோடு குழம்பிவிடும் என்பதால் இங்கே அதைக் கலை என்கிறேன். ஒரு பாகைக்கு 60 கலை. அட்சரேகையில் ஒரு கலை நகர்ந்தால் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். கடல் மைல் என்ற அளவே அதிலிருந்துதான் வந்தது. தீர்க்கரேகையில் இந்தச் சமன் கொஞ்சம் குறையும், ஏனென்றால் அந்தக் கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிக்கொண்டே வரும். நாகைப் பக்கம் ஒரு தீர்க்கரேகைக் கலை 0.98 கடல் மைல். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை அவசரத்தில் விட்டுவிடலாம். நான்டக்கெட் பக்கம் அது 0.75 மைல்தான், அங்கே விட முடியாது.

இரண்டு இடத்துக்கும் நடுவே வடக்கே 11 மைல், மேற்கே 19 மைல். நேர்க்கோட்டில் 22 மைல், திசை 300 பாகை. வடக்கை 0 என்று வைத்து வலப்பக்கமாக எண்ணிக்கொண்டு வந்தால் மேற்கு 270. அதிலிருந்து வடக்குப் பக்கமாக இன்னும் 30. படகு 6 நாட் வேகத்தில் போகும் என்றால் 3 மணி 40 நிமிடத்தில், அதாவது 5:40-க்கு, போய்ச் சேர வேண்டும்.

இங்கே இரண்டு எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்க வேண்டும்: 300 என்ற திசையும் 6 என்ற வேகமும்.

திசையைக் காட்டுவது காம்பஸ். அது காட்டுவது காந்த வடக்கு, வரைபடத்தில் இருப்பது உண்மை வடக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நாகைக் கடலில் மேற்கே ஏறக்குறைய 2 பாகைதான். காம்பஸில் 302 காட்டினால் உண்மைத் திசை 300. பாஸ்டன் பக்கம் இதே வித்தியாசம் 14 பாகை அளவுக்கு வரும். இந்த ஒரு விஷயத்தில் நம் கடல் நமக்குச் சலுகை கொடுத்திருக்கிறது.

ஆனால் படகே செய்யும் கோளாறு வேறு. எஞ்சின், இரும்புப் பெட்டி, நங்கூரம், பக்கத்தில் வைத்த ஒலிபெருக்கி, ஏன் கைபேசியில் இருக்கும் சிறிய காந்தம்கூட முள்ளை இழுக்கும். இந்த இழுப்பு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருக்காது. வடக்கே போகும்போது ஒன்றும் தெரியாமல் இருந்து, மேற்கே திரும்பியதும் 8 பாகை தப்பாகக் காட்டலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வேகத்துக்கு மானி இல்லாவிட்டால் ஒரு பழைய வழி இருக்கிறது. படகின் முன்முனையான அணியத்தில் நின்று ஒரு மரத்துண்டைத் தண்ணீரில் போட வேண்டும். அது படகின் பின்முனையைக் கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். படகின் நீளத்தை மீட்டரில் எடுத்து, 1.94-ஆல் பெருக்கி, வினாடியால் வகுத்தால் நாட் கணக்கில் வேகம் கிடைக்கும். 9 மீட்டர் படகில் 2.9 வினாடி ஆனால் 6 நாட். கால் வினாடி பிசகினாலும் அரை நாட் தப்பு வந்துவிடும் என்பதால் நாலைந்து முறை போட்டுச் சராசரி எடுப்பது நல்லது. இது தண்ணீரைப் பொறுத்த வேகம் என்பதுதான் இங்கே முக்கியம். மரத்துண்டும் அந்தத் தண்ணீரோடுதான் மிதந்து போய்க்கொண்டிருக்கிறது. தரையைப் பொறுத்து எவ்வளவு நகர்ந்தோம் என்பது மரத்துண்டுக்குத் தெரியாது.

இனிக் கணக்கு. கணிப்பான் வைத்திருப்பவர்களுக்கு அது இவ்வளவுதான்:

```
dN = V * t * cos(H)
dE = V * t * sin(H)
lat2 = lat1 + dN / 60
lon2 = lon1 + dE / (60 * cos(lat1))
```

`V` நாட்டில் வேகம், `t` மணியில் நேரம், `H` உண்மைத் திசை. `dE` கழித்தல் குறியோடு வந்தால் மேற்கு. அட்சரேகையும் தீர்க்கரேகையும் பாகையில். கணிப்பான் இல்லையென்றால் கட்டம் போட்ட தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மைல் என்று வைத்து, பாகைமானியால் 300-ஐக் குறித்து, 6 சென்டிமீட்டர் கோடு இழுத்தால் அதே விடைதான்.

300 பாகையில் ஒரு மணி நேரம் 6 நாட் போனால், வடக்கே 3.0 மைல், மேற்கே 5.2 மைல். ஆக 3 மணிக்குப் படகு 10° 38.0' வடக்கு, 80° 06.1' கிழக்கில் இருக்க வேண்டும். இதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பிறகு ஜி.பி.எஸ்ஸைப் போட வேண்டும். இந்த வரிசை முக்கியம். முதலில் திரையைப் பார்த்துவிட்டால் யாருக்கும் கணக்குப் போட மனம் வராது.

ஜி.பி.எஸ் காட்டுகிறது: 10° 36.5' வடக்கு, 80° 06.1' கிழக்கு.

மேற்கே போனது சரியாக இருக்கிறது. வடக்கே மட்டும் 1.5 மைல் குறைகிறது. ஒரு மணி நேரத்தில் படகு தெற்கே 1.5 மைல் தள்ளப்பட்டிருக்கிறது. இது நவம்பரில் நம் கரைக்கு அந்நியமான விஷயம் அல்ல. கடலியலாளர்கள் கிழக்கிந்தியக் கடலோர நீரோட்டம் என்று அழைப்பது பருவக்காற்றோடு சேர்ந்து ஆண்டுக்கு இருமுறை திசை மாறும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அது கரையை ஒட்டி வடக்கே ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே ஓடும். வலுவான நேரங்களில் வினாடிக்கு ஒரு மீட்டர், அதாவது 2 நாட் அளவுக்கும் போகும். வாடைக் காற்றுக் காலத்தில் நீவாடு தெற்கே இழுக்கும் என்று கடலுக்குப் போகிறவர்கள் சொல்வதும் இதைத்தான்.

இதைக் கவனிக்காமல் படகு 300-லேயே தொடர்ந்து போனால் என்ன ஆகும்? 3 மணி 40 நிமிடத்தில் 1.5 நாட் இழுப்பு 5.5 மைல் ஆகிவிடும். ஏறத்தாழ 10 கிலோமீட்டர். 5:40-க்குக் கரைப் பக்கம் வந்து பார்த்தால், எதிரே இருப்பது நாகை அல்ல, வேளாங்கண்ணி. கணக்கு மட்டும் நாகை வாசலில் நிற்பதாகச் சொல்லும்.

இப்போது கையில் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. படகு உண்மையில் எங்கே இருக்கிறது என்பது ஒன்று. கடந்த ஒரு மணி நேரம் அதை எது, எந்தப் பக்கம், என்ன வேகத்தில் தள்ளியது என்பது இன்னொன்று. இரண்டாவது தகவல் ஜி.பி.எஸ் தனியாகச் சொன்னதல்ல. கணக்கும் ஜி.பி.எஸ்ஸும் சேர்ந்துதான் அதைச் சொல்கின்றன. அடுத்த மணி நேரம் ஜி.பி.எஸ் கிடைக்காமல் போனால் நம்மிடம் மிஞ்சுவது அதுதான்.

ஆனால் அந்த 1.5 மைலுக்கு நீரோட்டம் என்று பெயர் வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அதற்குள் நாலு விஷயங்கள் கலந்திருக்கின்றன: நீரோட்டம், காற்று பக்கவாட்டில் தள்ளியது, காம்பஸ் பிழை, வேகத்தில் செய்த பிழை. ஒரே ஒரு ஒப்பீட்டை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. படகு போன கோட்டைப் பொறுத்துப் பார்த்தால், இந்த 1.5 மைல் விலகலில் 1.3 மைல் இடப்பக்கமாக விலகியது, 0.75 மைல் பின்தங்கியது. காம்பஸ் 14 பாகை தப்பாகக் காட்டி, வேகத்தையும் நாம் 0.6 நாட் கூடுதலாக நினைத்திருந்தால் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்திருப்போம்.

இந்த 14 எப்படி வந்தது என்பதற்கு மாலுமிகள் வைத்திருக்கும் ஒரு எளிய விதி உண்டு. 60 மைல் போகும்போது திசையில் ஒரு பாகை தப்பினால் ஒரு மைல் விலகுவோம். படகு உண்மையில் நகர்ந்த 5.4 மைலில் ஒரு பாகைக்கு 0.09 மைல். ஆக 1.3 மைல் விலகினால் 14 பாகை. எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்த காம்பஸில் அது நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது.

பிரித்துப் பார்க்க நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. எஞ்சினை ஐந்து நிமிடம் நியூட்ரலில் போட்டுவிட்டு, ஜி.பி.எஸ் திரையில் `SOG`, `COG` இரண்டையும் பார்க்க வேண்டும். `SOG` தரையைப் பொறுத்த வேகம், `COG` தரையைப் பொறுத்துப் போகும் திசை. சும்மா மிதக்கும் படகு 1.5 நாட்டில் 180 பாகைப் பக்கம் நகர்கிறது என்றால், அது காம்பஸ் பிழையாக இருக்க வழியே இல்லை, ஏனென்றால் இங்கே காம்பஸுக்கு வேலையே இல்லை. மாறாகப் படகு கிட்டத்தட்ட அசையாமல் நின்றால், 300-ல் போகும்போது காம்பஸும் வேகக் கணக்கும் சேர்ந்து ஏமாற்றியிருக்கின்றன.

எஞ்சினை நிறுத்த முடியாத நிலை என்றால், திசையைப் பெரிதாக மாற்றி அரை மணி நேரம் போய் மறுபடி ஒப்பிட வேண்டும். நீரோட்டம் நாம் எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்கேதான் இழுக்கும். காம்பஸ் பிழை படகோடு சேர்ந்து திரும்பும். அதனால் விலகலின் திசை வரைபடத்தில் அப்படியே நின்றால் குற்றவாளி தண்ணீர். படகோடு சேர்ந்து அதுவும் திரும்பினால் குற்றவாளி படகில்தான் இருக்கிறது. படகு ஒரே திசையில் போகும்வரை மட்டுமே, நாலையும் சேர்த்து ஒரே தள்ளலாக வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியும். திரும்பிய பிறகும் பழைய எண்ணையே வைத்துக்கொண்டிருந்தால் அங்கேதான் ஏமாறுவோம்.

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் விடுவது என்பதும் இங்கே வருகிறது. ஜி.பி.எஸ் புள்ளி 10 மீட்டர் அளவுக்குத் தப்பலாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு புள்ளிகளை எடுத்து நீரோட்டத்தைக் கணக்கிட்டால், அந்த 10 மீட்டரே 0.3 நாட் பொய் நீரோட்டத்தைக் காட்டிவிடும். ஒரு மணி நேர இடைவெளியில் அதே 10 மீட்டர் ஒன்றுமே இல்லை. அதற்காக நாலு மணி நேரம் விட்டால், அதற்குள் நீரோட்டமே மாறியிருக்கும். கிடைப்பது மொத்தச் சராசரி மட்டும்தான். அரை மணியிலிருந்து ஒரு மணி வரை என்பது இந்த வேகத்தில் போகும் படகுக்கு எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்புறம், 3 மணிக் கதைக்குத் திரும்புவோம். எஞ்சினை நிறுத்திப் பார்த்தாயிற்று, தள்ளுவது நீரோட்டம்தான் என்று தெரிந்துவிட்டது. மீதி தூரம் 16.8 மைல், போக வேண்டிய திசை 304. நீரோட்டத்தை ஈடுகட்ட, படகின் தலையை வடக்குப் பக்கமாக 12 பாகை கூடுதலாகத் திருப்பி 316-ல் வைக்க வேண்டும். தாளில் இதை வரைவது எளிது: படகு நிற்கும் புள்ளியிலிருந்து தெற்கே 1.5 சென்டிமீட்டர் நீரோட்டத்தை இழுத்து, அதன் முனையிலிருந்து போக வேண்டிய கோட்டைத் தொடும்படி 6 சென்டிமீட்டர் அளவு வைத்தால், அந்த 6 சென்டிமீட்டர்க் கோடு காட்டும் திசைதான் சுக்கான் பிடிக்க வேண்டிய திசை. தொட்ட இடம் ஒரு மணி நேரத்தில் படகு இருக்கப் போகும் இடம். அளந்து பார்த்தால் 5 சென்டிமீட்டர்தான் இருக்கும். 6 நாட்டில் ஓடும் படகு கரையை நோக்கி நெருங்குவது 5 நாட்டில்தான். நாகைக்கு வருவது 5:40 அல்ல, 6:20.

இந்த நேரம் பார்த்து ஜி.பி.எஸ்ஸின் மின்கலம் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 4 மணிக்கு இடத்தை எழுத வேண்டும். இங்கே பலர் செய்யும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். கடைசியாக ஜி.பி.எஸ் திரையில் பார்த்த `SOG`, `COG` நினைவில் இருக்கும். அவற்றையே வேகமாகவும் திசையாகவும் கணக்கில் போட்டுவிட்டு, அதன் மேல் நீரோட்டத்தையும் சேர்த்துவிடுவார்கள். அந்த எண்களில் நீரோட்டம் ஏற்கெனவே கலந்திருக்கிறது, ஆகவே இரண்டு முறை சேர்ந்துவிடும். காம்பஸ் திசையும் தண்ணீர் வேகமும் எடுத்தால் நீரோட்டத்தைச் சேர்க்க வேண்டும். `SOG`, `COG` எடுத்தால் சேர்க்கக் கூடாது. அதோடு, அந்த `SOG` 300-ல் போனபோது பார்த்தது. இப்போது 316-ல் போகிறோம். அது இனிச் செல்லாது.

316-ல் ஒரு மணி நேரம் 6 நாட் என்றால் வடக்கே 4.3 மைல், மேற்கே 4.2 மைல். நீரோட்டத்துக்காக வடக்கே போனதில் 1.5 கழித்தால் 2.8. ஆக 4 மணிக்கு 10° 39.3' வடக்கு, 80° 01.9' கிழக்கு. 5 மணிக்கு அதே கணக்கில் 10° 42.1' வடக்கு, 79° 57.6' கிழக்கு.

இதைப் புள்ளியாக எழுதினாலும் மனத்தில் ஒரு வட்டமாக நினைத்துக்கொள்ள வேண்டும். நீரோட்டம் அரை நாட் கூடவோ குறையவோ இருக்கலாம். சுக்கான் பிடிப்பவர் சராசரியாக 3 பாகை தப்பலாம், அது மணிக்கு 0.3 மைல். வேகத்தில் 0.3 நாட் தப்பலாம். மூன்றும் ஒரே பக்கம் சேர்வது அரிது என்பதால் ஒட்டுமொத்தமாக மணிக்கு 0.7 மைல் என்று வைக்கலாம். ஒரு மணி நேரத்தில் 0.7 மைல் ஆரம் கொண்ட வட்டம், இரண்டு மணி நேரத்தில் 1.4 மைல். அலையில் தலை இப்படியும் அப்படியும் ஆடுவது போன்ற தற்செயல் பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்ளும். நீரோட்டத்தைத் தப்பாக நினைத்த பிழை அழியாது. அது ஒரே பக்கமாக, நேரத்துக்கு ஏற்ப நேர்விகிதத்தில் வளரும். ராயல் மெஜஸ்டியில் 17 மைலாக வளர்ந்தது அப்படிப்பட்ட பிழைதான்.

அந்தக் கப்பலில் என்னை மிகவும் பாதித்த விஷயம் வேறொன்று. தானியங்கி வழிநடத்தும் கருவி, தன் பங்குக்குத் தனியாக ஒரு டெட் ரெக்கனிங் போட்டு, அதை ஜி.பி.எஸ் சொல்லும் இடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தது. இரண்டும் விலகினால் மணி அடிக்க வேண்டும். அற்புதமான ஏற்பாடு, மேலே நாம் குறிப்பேட்டில் செய்ததைத்தான் அது வினாடிக்கு வினாடி செய்தது. ஆனால் ஜி.பி.எஸ்ஸும் டெட் ரெக்கனிங்குக்கு மாறிவிட்ட பிறகு, அதே திசைகாட்டி, அதே வேகமானி சொன்னதை வைத்து இரண்டு கருவிகளும் ஒரே கணக்கைப் போட்டன. விடை பொருந்தத்தானே செய்யும்? மணி அடிக்கவே இல்லை. ஜி.பி.எஸ் சொன்ன இடத்தை அதிகாரிகள் மணிக்கு மணி வரைபடத்தில் குறித்தார்கள். அதே அறையில் லோரான்-சி என்ற வேறொரு கருவி இருந்தது. அது கரையிலிருந்து வரும் ரேடியோ அலைகளை வைத்து இடம் சொல்வது. அதோடு ஒருமுறை ஒப்பிட்டிருந்தால் விலகல் தெரிந்திருக்கும். ஆழமானியின் எச்சரிக்கை அளவும் பூஜ்யத்திலேயே விடப்பட்டிருந்தது.

ஒப்பீடு என்றால் இரண்டும் வெவ்வேறு வழியில் வந்தவையாக இருக்க வேண்டும். சிறிய படகில் லோரான் கிடையாது. ஆனால் ஆழம் இருக்கிறது. வரைபடத்தில் கணக்கிட்ட இடத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் ஆழமும் நம் எக்கோ சவுண்டரோ குண்டுக்கயிறோ காட்டும் ஆழமும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்கலாம். கரை வெளிச்சம் கண்ணுக்குத் தெரிந்ததும் காம்பஸில் அதன் திசையை எடுத்துப் பார்க்கலாம். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ராயல் மெஜஸ்டியின் அதிகாரி தான் எதிர்பார்த்த நேரத்தில், எதிர்பார்த்த இடத்தில் ஒரு மிதவையை ராடாரில் பார்த்து, அதுதான் தன் மிதவை என்று ஏற்றுக்கொண்டார். அது உண்மையில் சுமார் 15 மைல் தள்ளி இருக்கும் வேறொரு மிதவை. வெளிச்சமானாலும் மிதவையானாலும், அது எத்தனை வினாடிக்கு ஒருமுறை மின்னுகிறது, என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று தனியாக உறுதி செய்த பிறகே கணக்கோடு சேர்க்க வேண்டும்.

நம் படகில் 5 மணிக்கு ஒருவர் பையின் அடியிலிருந்து இரண்டு புதிய மின்கலங்களைத் தேடி எடுத்துவிடுகிறார். ஜி.பி.எஸ் வருகிறது: 10° 42.9' வடக்கு, 79° 57.5' கிழக்கு. நாம் எழுதி வைத்த இடத்திலிருந்து 0.8 மைல் வடக்கே, 1.4 மைல் வட்டத்துக்குள். இரண்டு மணி நேரத்தில் 0.8 என்றால் நீரோட்டத்தை 0.4 நாட் கூடுதலாக நினைத்திருக்கிறோம். கரையை நெருங்க நெருங்க அது 1.1 நாட்டாகத் தளர்ந்திருக்கிறது. மீதி 6.2 மைல், போக வேண்டிய திசை 300. புதிய நீரோட்டத்துக்கு 9 பாகை கூட்டினால் போதும். குறிப்பேட்டில் எழுத வேண்டியது: 05:00, தலை 309, நீரோட்டம் தெற்கே 1.1, நாகை 06:10. நவம்பரில் அது கிட்டத்தட்டச் சூரியன் எழும் நேரம்.